பங்குச் சந்தையின் விலை மிகையா? அரசுப் பத்திரத்தின் அருகில் வைத்துப் பார்த்தல்

கோபர்கைரனேயில் வீடு வாங்க நினைக்கும் எவரும் முதலில் போடும் கணக்கு ஒன்று உண்டு. எண்பது லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு குடியிருப்பு மாதம் இருபதாயிரம் ரூபாய் வாடகை தருகிறது எனில், ஆண்டு வாடகை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். முதலீட்டின் மீது அது மூன்று சதவீதம். "மூன்று வட்டிக்கு இவ்வளவு பணத்தை முடக்குவதா? வங்கியில் போட்டால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்குமே" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். "வாடகை ஆண்டுதோறும் ஏறும், வட்டி ஏறுமா?" என்று இன்னொருவர் கேட்பார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பங்குச் சந்தையின் விலை நியாயமானதா, மிகையானதா என்று மதிப்பிடும் முறைகளுள் பழமையான ஒன்று இந்த உரையாடலையே எண்களாக்கிச் சொல்கிறது. வீட்டின் இடத்தில் பங்கும், வாடகையின் இடத்தில் நிறுவனங்களின் லாபமும், வங்கி வட்டியின் இடத்தில் அரசு கடன் பத்திரத்தின் ஈட்டமும் வருகின்றன.

இதை எனக்கு நன்கு பழக்கமான ஒருவரின் அனுபவத்தோடு சேர்த்து விளக்க விரும்புகிறேன். மாட்டுங்காவில் வளர்ந்து, நகரின் வடபகுதி ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவில் பணியாற்றி, 2007ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வுபெற்று, தாணே–வாஷி ரயில் பாதையை ஒட்டிக் கோபர்கைரனேயில் குடியேறியவர் அவர். ஓய்வுக்காலப் பணத்தில் பத்து லட்சம் ரூபாயை 2008 ஜனவரி இரண்டாம் வாரத்தில் நிஃப்டி குறியீட்டு நிதி ஒன்றில் மொத்தமாக முதலீடு செய்தார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. காலை ரயிலில் அனைவரும் சந்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர் என்பதும், நான்கு ஆண்டுகளாகச் சந்தை ஏறிக்கொண்டே இருந்தது என்பதும் மட்டுமே காரணங்கள்.

முதலில் கருவியை அறிந்துகொள்வோம். ஒரு பங்கின் விலையை அப்பங்கிற்குரிய ஓராண்டு லாபத்தால் வகுத்தால் வருவது விலை–லாப விகிதம். சந்தையில் பி/இ என்பர். பி/இ 20 என்றால், ஒரு ரூபாய் லாபத்திற்கு இருபது ரூபாய் விலை கொடுக்கிறோம் என்று பொருள். இதைத் தலைகீழாக்கினால் நூறு ரூபாய் முதலீட்டுக்கு எவ்வளவு லாபம் என்பது கிடைக்கும். நூறை இருபதால் வகுக்க ஐந்து. ஆகவே ஐந்து சதவீதம். இதுவே லாப ஈட்டு விகிதம். வீட்டுக் கணக்கில் வாடகை சதவீதம் எதுவோ, பங்குக் கணக்கில் அதுவே இது. குறியீட்டில் உள்ள ஐம்பது நிறுவனங்களையும் ஒரே பெரிய நிறுவனமாக எண்ணி இக்கணக்கைச் செய்தால் சந்தை முழுமைக்குமான லாப ஈட்டு விகிதம் வந்துவிடும்.

ஒப்பிட வேண்டிய மறுதரப்பு பத்தாண்டு அரசு கடன் பத்திரம். ஓராண்டு வைப்புநிதியை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற வினா எழலாம். பங்கிற்கு முதிர்வு நாள் கிடையாது. அது நெடுங்காலச் சொத்து. நெடுங்காலச் சொத்தை ஓராண்டு வட்டியோடு ஒப்பிட்டால், அடுத்த ஆண்டு அந்த வட்டி என்னவாகும் என்பது கணக்கில் வராமல் போய்விடும். மேலும், மத்திய அரசின் ரூபாய்க் கடனில் பணம் திரும்பாது என்ற அச்சம் இல்லை. எனவே ஆபத்து ஏற்காதவருக்கு நீண்ட காலத்தில் நாடு தரும் விலை இது என்று கொள்ளலாம். இங்கே ஈட்டம் என்பது பத்திரத்தின் மேல் அச்சிட்ட வட்டி அன்று. அன்றைய சந்தை விலைக்கு வாங்கி முதிர்வுவரை வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் வருவாய். பத்திரத்தின் விலை குறைந்தால் அதன் ஈட்டம் உயரும். விலை உயர்ந்தால் ஈட்டம் குறையும்.

இப்போது 2008 ஜனவரிக்கு வருவோம். அம்மாதம் 8ஆம் நாள் நிஃப்டி 6,287 புள்ளிகளில் நிறைவடைந்தது. அப்போது அதன் பி/இ 28ஐச் சற்றே தாண்டியிருந்தது. நூறை 28ஆல் வகுத்தால் லாப ஈட்டு விகிதம் ஏறத்தாழ மூன்றரை சதவீதம். அதே நாட்களில் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் ஈட்டம் ஏழரை சதவீத அளவில் இருந்தது. அதாவது, எந்த ஆபத்தும் இல்லாத அரசுப் பத்திரம், பங்குகளின் அன்றைய லாபத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தந்துகொண்டிருந்தது. பத்திர ஈட்டத்தை லாப ஈட்டத்தால் வகுத்தால் 2.1 வருகிறது. இந்த எண்ணை இனி ஒப்பீட்டு எண் என்று அழைப்போம்.

இது மட்டும் போதாது. வாடகை ஏறும் என்று சொன்னவரின் வாதத்தையும் கேட்க வேண்டும். பத்திரத்தின் வட்டி பத்தாண்டுகளுக்கும் மாறாதது. நிறுவனங்களின் லாபம் வளரக்கூடியது. நூறு ரூபாய்க்கு மூன்றரை ரூபாயாக உள்ள லாபம் ஆண்டுக்குப் பத்து சதவீதம் வளர்ந்தால், ஏழரை ரூபாயை எட்ட எட்டு ஆண்டுகள் ஆகும். எட்டு ஆண்டுகளும் அவ்வளர்ச்சி இடைவிடாது நிகழ வேண்டும். அதற்கு முன்னர்ப் பத்திரக்காரர் ஆண்டுதோறும் பெற்ற கூடுதல் வருவாயை ஈடுசெய்ய அதன் பின்னும் சில ஆண்டுகள் வேண்டும். 2008 ஜனவரியில் சந்தை கேட்ட விலை இதுதான். விலை தவறு என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் வாங்குபவர் எத்தனை ஆண்டு வளர்ச்சிக்கு முன்பணம் கொடுக்கிறார் என்பதை இது காட்டிவிடுகிறது. என் நண்பர் அன்று இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் பங்கே வாங்கியிருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. மொத்தத் தொகையையும் ஒரே வாரத்தில் போட்டிருக்க மாட்டார்.

ஜனவரி 21, 22 ஆகிய இரு நாட்களில் சந்தை பெரும் சரிவைக் கண்டது. அதன் பிறகு வந்த மாதங்கள் இக்கருவியின் பயனை வேறொரு வகையில் காட்டுகின்றன. ஜூன் மாத இறுதியில் நிஃப்டி 4,040 புள்ளிகளுக்கு வந்திருந்தது. உச்சத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ச்சி. பி/இ 17 அளவுக்கு இறங்கியிருந்தது. 28க்கு வாங்கியதை 17க்கு வாங்கலாம் என்றால் மலிவுதானே என்று பலரும் எண்ணினர். என் நண்பரும் அப்படியே எண்ணி, இருந்த சேமிப்பில் மேலும் போடலாமா என்று ஆலோசித்தார்.

ஆனால் தராசின் மறுதட்டும் நகர்ந்திருந்தது. கச்சா எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தது. அது ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலர் வரை சென்றது. மொத்த விலைப் பணவீக்கம் ஜூனில் 11 சதவீதத்தைக் கடந்தது. ரிசர்வ் வங்கி அம்மாதம் இருமுறை ரெப்போ வட்டியை உயர்த்தியது. ஜூலை இறுதியில் அது 9 சதவீதம் ஆனது. பத்தாண்டுப் பத்திரத்தின் ஈட்டம் ஜூன் இறுதியில் எட்டரை சதவீதத்தைத் தாண்டி, ஜூலையில் ஒன்பதையும் கடந்தது. பி/இ 17 என்றால் லாப ஈட்டு விகிதம் 5.9 சதவீதம். பத்திரம் 8.7 என்று கொண்டால் ஒப்பீட்டு எண் ஏறத்தாழ ஒன்றரை. லாபம் பத்து சதவீதம் வளர்ந்தாலும் பத்திரத்தை எட்ட நான்கு ஆண்டுகள் வேண்டும். ஜனவரியை விட நிலைமை மேம்பட்டிருந்தது உண்மையே. எனினும் பி/இயை மட்டும் பார்த்தவர் எண்ணிய அளவுக்குப் பங்குகள் மலிந்துவிடவில்லை. பங்கின் விலை இறங்கியபோதே அதற்குப் போட்டியான பத்திரமும் மலிந்துகொண்டிருந்தது. பி/இ என்ற ஒற்றை எண்ணால் சொல்ல முடியாததை இந்த ஒப்பீடு சொன்னது.

செப்டம்பர் 15ஆம் நாள் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவால் மனு அளித்தது. அதன் பின் ஆறு வாரங்களில் நிகழ்ந்ததைச் சந்தையில் இருந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அக்டோபர் 27ஆம் நாள் நிஃப்டி பகல் நேரத்தில் 2,252 வரை சென்று, 2,524இல் நிறைவடைந்தது. உச்சத்திலிருந்து அறுபது சதவீதம் இழப்பு. என் நண்பரின் பத்து லட்சம் நான்கு லட்சமாகியிருந்தது. அவர் அந்த வாரத்திலேயே அனைத்தையும் விற்றார். "மிஞ்சியதையாவது காப்பாற்றிக்கொள்கிறேன், சார்" என்றார். வைப்புநிதிக்கு அந்நாட்களில் பத்து சதவீத அளவில் வட்டி கிடைத்தது; பணத்தை அங்கே போட்டார்.

அந்த வாரத்தின் கணக்கைப் பாருங்கள். பி/இ 10.7 அளவில் இருந்தது. நூறை அதனால் வகுக்க, லாப ஈட்டு விகிதம் 9.3 சதவீதத்தைத் தாண்டுகிறது. ரிசர்வ் வங்கி அக்டோபர் 20ஆம் நாள் ரெப்போவை 9இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்திருந்தது. பத்தாண்டுப் பத்திரத்தின் ஈட்டம் மீண்டும் ஏழரை சதவீதப் பகுதிக்கு இறங்கியிருந்தது. ஒப்பீட்டு எண் 0.8. ஜனவரியில் பங்குகள் பத்திரத்தை எட்டவே எட்டு ஆண்டு வளர்ச்சி தேவைப்பட்டது. அக்டோபரில் லாபம் சிறிதும் வளராமலே பங்குகள் பத்திரத்தை முந்தியிருந்தன.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. 6,287ஐ 28ஆல் வகுத்தாலும், 2,524ஐ 10.7ஆல் வகுத்தாலும் கிடைக்கும் விடைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்: முதலாவது சுமார் 224, இரண்டாவது சுமார் 236. நிஃப்டி நிறுவனங்களின் அந்நாள்வரையிலான ஓராண்டு லாபம் அது. பத்து மாதங்களில் லாபம் குறையவில்லை, சற்றே கூடியது. மாறியது முழுவதும் அந்த லாபத்திற்கு மக்கள் கொடுக்க முன்வந்த விலை. லாபம் இனி குறையும் என்ற அச்சம் நியாயமற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் 9.3 சதவீதம் என்பது நான்கில் ஒரு பங்கு குறைந்தாலும் ஏழு சதவீதம் ஆகும்; அப்போதும் பத்திரத்திற்கு அருகில்தான் நிற்கும். அவ்வளவு அச்சம் ஏற்கெனவே விலையில் அடங்கியிருந்தது.

வைப்புநிதியின் பத்து சதவீதம் 9.3ஐ விடக் கூடுதலாயிற்றே என்று கேட்கலாம். நண்பரும் கேட்டார். அங்கேதான் பத்தாண்டுப் பத்திரத்தை அளவுகோலாகக் கொள்வதன் காரணம் விளங்குகிறது. பத்திரச் சந்தை ஏழரை சதவீதம் என்று சொன்னதன் பொருள், குறுகிய கால வட்டி பத்தில் நிலைக்காது என்பதே. அப்படியே நடந்தது. டிசம்பர் இறுதிக்குள் பத்தாண்டு ஈட்டம் ஐந்தரை சதவீதத்திற்கும் கீழே சென்றது. 2009இல் வைப்புநிதி வட்டிகள் கணிசமாக இறங்கின. முதிர்ந்த பணத்தை அவர் பழைய வட்டிக்கு மீண்டும் போட முடியவில்லை. பத்து சதவீதமே இரண்டாண்டுகள் கிடைத்திருந்தாலும் நான்கு லட்சம் ஐந்து லட்சத்தைத் தொட்டிருக்காது. நிஃப்டியோ 2009 செப்டம்பர் இறுதியில் 5,083இலும், 2010 தீபாவளி நாளான நவம்பர் 5ஆம் தேதி 6,312இலும் நின்றது. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அவருடைய பத்து லட்சம் அன்று திரும்பியிருக்கும். அதன் பிறகும் சந்தை ஒரே சீராக ஏறவில்லை. 2008 ஜனவரியின் உச்சத்தை நிலையாகக் கடக்க 2014 வரை ஆயிற்று. மிகை விலைக்கு வாங்கியவர் ஆறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததற்கும் அந்த 2.1 என்ற எண்ணுக்கும் தொடர்பு உண்டு.

இவ்வொப்பீட்டின் வரலாற்றைச் சிறிது சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 1997 ஜூலையில் நாடாளுமன்றத்திற்கு அளித்த அறிக்கையில், பங்குகளின் லாப ஈட்டத்தையும் பத்தாண்டுப் பத்திர ஈட்டத்தையும் ஒரே வரைபடத்தில் காட்டியிருந்தது. அதைக் கண்ட பொருளியலாளர் எட் யார்டெனி அதற்கு 'ஃபெட் மாதிரி' என்று பெயரிட்டார். அந்த வங்கி அதைத் தன் கொள்கையாக ஏற்றதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அம்மாதிரியின்படி இரு ஈட்டங்களும் சமமாக இருப்பதே நியாயம். ஒப்பீட்டு எண் ஒன்றைத் தாண்டினால் பங்குகள் மிகை விலை.

இந்த 'ஒன்று' என்ற எல்லைக்கோடுதான் பிழை. 2003இல் கிளிஃப் ஆஸ்னஸ் என்ற முதலீட்டு ஆய்வாளர் இதை விரிவாக மறுத்து எழுதினார். அவருடைய வாதத்தின் சாரம் நம் வாடகைக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. பத்திரத்தின் ஏழு சதவீதத்தில் பணவீக்கத்திற்கான ஈடும் சேர்ந்திருக்கிறது. விலைவாசி ஐந்து சதவீதம் ஏறும் நாட்டில், அந்த ஏழில் ஐந்து ரூபாய் முதலின் தேய்மானத்தை நிரப்பவே போகிறது. நிறுவனங்களின் லாபமோ விலைவாசியோடு தானும் ஏறுகிறது. சோப்பின் விலை ஏறினால் சோப்பு நிறுவனத்தின் வருவாயும் ஏறும். ஆகவே ஒரு பக்கம் பணவீக்கம் அடங்கிய எண், மறுபக்கம் பெரிதும் அடங்காத எண். இரண்டும் சமமாக வேண்டும் என்று கேட்பதே பொருந்தாது. பணவீக்கமும் வளர்ச்சியும் கூடுதலாக உள்ள நாட்டில் ஒப்பீட்டு எண் இயல்பாகவே ஒன்றுக்கு மேல் இருக்கும்.

இந்தியாவில் கண்டதும் அதுவே. கடந்த கால் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்த எண் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலேயே உலவியிருக்கிறது. ஒன்றுக்கு மேல் என்றவுடன் பங்குகளை ஒதுக்கியவர் இந்தியச் சந்தையில் ஏறத்தாழ எப்போதுமே ஒதுங்கி நின்றிருப்பார். எனவே இந்தக் கருவியை நான் இப்படிப் பயன்படுத்துகிறேன்: இரண்டை நெருங்கினாலோ கடந்தாலோ, புதிய பணத்தை மெதுவாகப் போடுவதற்குக் காரணம் தேடுவேன், ஒன்றை நெருங்கினால், விற்கத் தோன்றும் எண்ணத்தைச் சந்தேகிப்பேன். இடையில் இருந்தால் அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று கொள்வேன். பெரும்பாலான மாதங்களில் அது ஒன்றும் சொல்வதில்லை. கொரோனா அச்சத்தில் 2020 மார்ச் 23ஆம் நாள் நிஃப்டி 7,610க்கு இறங்கியபோது பி/இ 17 அளவில் இருந்தது. லாப ஈட்டம் 5.8, பத்திரம் ஆறு சதவீதத்திற்குச் சற்று மேல். ஒப்பீட்டு எண் ஒன்றைச் சிறிதே தாண்டி நின்றது. பல ஆண்டுகளுக்குப் பின் அது எதையோ சொன்ன நாள் அது.

பிறகு ஓராண்டுக்குள் அதே எண் நம்மைத் தவறான வழியில் இழுத்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் பாதியாகிவிடும். 2021 பிப்ரவரியில் நிஃப்டியின் பி/இ 40ஐத் தாண்டியது. லாப ஈட்டம் இரண்டரை சதவீதம் கூட இல்லை. பத்திரம் ஆறு சதவீதம். ஒப்பீட்டு எண் இரண்டரை. 2008 ஜனவரியைக் காட்டிலும் மோசம்! அதை நம்பி வெளியேறியவர்கள், 15,000 அருகில் இருந்த நிஃப்டி அவ்வாண்டு அக்டோபரில் 18,000ஐக் கடந்ததைக் கரையில் நின்று பார்த்தார்கள்.

பிழை எங்கே? பி/இக்கு எடுத்துக்கொள்வது கடந்த நான்கு காலாண்டுகளின் லாபம். அந்நான்கில் ஒன்று 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டு. நாடு பூட்டிக்கிடந்த மூன்று மாதங்கள். மோட்டார் நிறுவனங்கள் ஒரு மாதம் முழுவதும் ஏறத்தாழ வண்டியே விற்காத காலம். வீட்டில் மூன்று மாதம் குடியிருப்பவர் இல்லாமல் போனதால் வாடகை குறைந்த ஓர் ஆண்டைக் கொண்டு அந்த வீட்டின் மதிப்பை அளந்தது போலாயிற்று. வகுக்கும் எண் தற்காலிகமாகச் சுருங்கினால் பி/இ உப்பும். லாப ஈட்டம் போலியாகத் தாழும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. குறியீட்டை பி/இயால் வகுத்து லாபத்தை எடுத்து, முந்தைய ஆண்டின் அதே எண்ணோடு ஒப்பிடுங்கள். லாபம் பெரிதும் விழுந்திருந்தால், அந்த நாளின் ஒப்பீட்டு எண்ணை அப்படியே நம்பக் கூடாது. மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளின் சராசரி லாபத்தைக் கொண்டு கணக்கை மீண்டும் போட வேண்டும். இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. எஃகு, சுரங்கம் போன்ற தொழில்கள் கொழுத்த ஆண்டில் லாபம் வீங்கி, பங்கு மிக மலிவாகத் தோன்றும். அடுத்த ஆண்டே அந்த லாபம் கரைந்துவிடும். தனித்தனிப் பங்குகளுக்கு இந்த ஒப்பீட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் இன்னொன்றும் நிகழ்ந்தது. மார்ச் 30ஆம் நாள் 40க்கு மேல் இருந்த நிஃப்டியின் பி/இ, 31ஆம் நாள் 33 ஆனது. சந்தை அன்று ஒரு சதவீத அளவே இறங்கியிருந்தது. தேசியப் பங்குச் சந்தை அன்று முதல் கணக்கிடும் முறையை மாற்றிக்கொண்டதே காரணம். அதுவரை தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கில் வரும் லாபத்தை மட்டும் எடுத்தனர். அன்று முதல் துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கை எடுக்கின்றனர். புதிய முறையே சரியானது, ஏனெனில் பங்கின் விலையில் துணை நிறுவனங்களின் மதிப்பும் அடங்கியிருக்கிறது. ஆனால் பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒரே வரிசையில் வைத்துச் சராசரி காண்பவர் ஏமாறுவார். 2008இன் 28ஐயும் புதிய முறையில் வரும் எண்ணையும் நேருக்கு நேர் நிறுத்தி, "அன்றைவிட இன்று எவ்வளவோ மலிவு" என்று எழுதப்படுவதை அவ்வப்போது காண்கிறேன். வேறு வேறு படிகளால் அளந்த அரிசி அது.

காலத்தைச் சொல்வதும் இந்தக் கருவிக்கு இயலாது. 2007 செப்டம்பர் இறுதியில் நிஃப்டி 5,021இல் இருந்தபோதே ஒப்பீட்டு எண் 1.7 அளவுக்கு ஏறியிருந்தது. அன்றே மிகை விலை என்று விலகியவர், ஜனவரிக்குள் மேலும் இருபத்தைந்து சதவீத ஏற்றத்தை இழந்தார். ஓராண்டு கழித்து அவர் சரி என்று ஆயிற்று. ஆனால் அந்த மூன்று மாதங்களில் பலர் மனம் மாறித் திரும்பி வந்து உச்சத்தில் வாங்கினர். ஜப்பானின் அனுபவம் இதைவிடக் கடுமையானது. அங்கே 1990களின் இறுதி முதல் பத்தாண்டுப் பத்திரம் இரண்டு சதவீதம் கூடத் தராத காலம் நீண்டது. ஒப்பீட்டின்படி பங்குகள் மலிவாகவே தோன்றிக்கொண்டிருந்தன. நிக்கெய் குறியீடோ 1989 டிசம்பரின் 38,915இலிருந்து இறங்கி, 2009 மார்ச்சில் 7,054ஐத் தொட்டது. பத்திர ஈட்டம் மிகத் தாழ்ந்திருப்பதே, லாபம் வளராது என்ற செய்தியாகவும் இருக்கலாம்.

கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க விரும்புவோருக்குச் செய்முறை. நிஃப்டியின் பி/இ ஒவ்வொரு வேலை நாளும் niftyindices.com தளத்தில் வெளியாகிறது. பழைய நாட்களின் எண்களும் அங்கேயே கிடைக்கும். பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் ஈட்டம் பொருளாதார நாளிதழ்களில் வரும். ரிசர்வ் வங்கியின் வாராந்திரப் புள்ளிவிவர இணைப்பிலும் காணலாம்.

```
லாப ஈட்டு விகிதம் = 100 ÷ பி/இ
ஒப்பீட்டு எண் = பத்திர ஈட்டம் ÷ லாப ஈட்டு விகிதம்
```

ஒரு மாதிரிக் கணக்கு: பி/இ 22, பத்திரம் 6.6 என்று கொள்வோம். லாப ஈட்டம் 4.55, ஒப்பீட்டு எண் 1.45. மேலே சொன்னபடி, இந்த எண் எதையும் வற்புறுத்தவில்லை. பி/இ அப்படியே இருக்க, பத்திரம் மட்டும் 8.6 ஆக உயர்ந்தால் ஒப்பீட்டு எண் 1.9 ஆகிவிடும். பங்கின் விலையில் ஒரு ரூபாய் கூட மாறாமலே பங்குகள் விலை கூடியவையாக ஆகிவிடும். பலர் பார்க்கத் தவறுவது இந்தப் பக்கத்தைத்தான்.

வரியையும் கணக்கில் கொள்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம். பத்திர வட்டி வருமான வரி வரம்பின்படி ஆண்டுதோறும் வரிக்குள்ளாகிறது. பங்குகளில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து பெற்ற ஆதாயத்திற்கு, 2024 ஜூலை 23 முதல், ஓராண்டில் ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 சதவீத வரி. உயர்ந்த வரி வரம்பில் இருப்பவருக்கு ஒப்பீட்டு எண் 1.9 என்பது மற்றவரின் 1.4க்குச் சமமாகக் கூட இருக்கலாம். ஓய்வூதியம் மட்டும் உள்ளவருக்கு அப்படியன்று.

முன்பெல்லாம் இந்த ஒப்பீட்டின் மறுதரப்பு ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. தனிமனிதர் அரசுப் பத்திரத்தை நேரடியாக வாங்குவது எளிதன்று. 2021 நவம்பர் 12ஆம் நாள் தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் திட்டத்தின் வழி இப்போது எவரும் கணக்குத் தொடங்கி ஏலத்திலேயே பத்திரம் வாங்கலாம். என் நண்பர் அவ்வாறு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அவருடைய மேசை இழுப்பறையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, கோபர்கைரனே கடைத்தெருவிற்குச் சென்று காய்கறி வாங்கி வந்த பின், அதில் நான்கு எண்களை எழுதுகிறார்: நிஃப்டி, பி/இ, பத்திர ஈட்டம், ஒப்பீட்டு எண். ஐந்தாவது பத்தியில் அன்று என்ன செய்தார் என்பதை எழுத இடம் விட்டிருக்கிறார். அண்மையில் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலான வரிகளில் அந்தப் பத்தியில் ஒரு சிறு கோடு மட்டுமே இருந்தது. 2020 மார்ச்சுக்கு நேரே 'விற்கவில்லை' என்று எழுதி, அடியில் இரண்டு முறை கோடிட்டிருந்தார்.